ஐந்தாம் இடத்தில் இருந்தவன்

ஜாதகம் பார்க்க வந்தவர் பாதியில் அழுதுவிட்டால், எங்கள் தொழிலில் அதற்கு மரியாதை அதிகம். "அந்த ஜோசியர் வாயைத் திறந்தாரு, அம்மா அழுதுட்டாங்க" என்று நாலு ஊருக்குப் பேச்சுப் போகும். அழ வைத்தவன் கெட்டிக்காரன். கண்ணீர் வந்தவுடன் அது காய்வதற்குள் ஒரு பரிகாரத்தைச் சொல்லி அனுப்பத் தெரிந்தவன் அதைவிடக் கெட்டிக்காரன். நானும் அப்படிப்பட்ட கெட்டிக்காரனாகத்தான் பெருநகர் என்கிற எங்கள் சின்ன ஊரில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசி. என் வீட்டுத் தெருப்பக்கத்து அறையில்தான் ஜாதகம் பார்ப்பேன். ஒரு பாய், கால் மடக்கிய சின்ன மேஜை, ஆணியில் தொங்கும் பஞ்சாங்கம், சுவரில் கடிகாரம். எட்டு வீடு தள்ளிப் புளியமரத்தடியில் பஸ் நிற்கும். பஸ் வந்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும்.

ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர், பயிர் வைக்கிற குடும்பம். மாமனார், மாமியார், நடுவில் மருமகள். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மாமனார் உட்காரும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஜோசியரே, இவளுக்குப் புள்ள பாக்கியம் கீதா இல்லியான்னு பாருங்க. இல்லன்னா இல்லன்னு தெகிரியமா சொல்லிடுங்க. பையனுக்கு வேற எடம் பாத்து வெச்சிக்கிறோம்."

அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னார். கத்தரிக்காய்ச் செடி காய்க்குமா, பிடுங்கிவிட்டு வேறு போடலாமா என்று கேட்கிற குரல். அவள் பாயின் ஓரத்துக் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பையன் ஜாதகம் எங்க?" என்றேன்.

"அவன் ஜாதகம் இன்னாத்துக்கு? அவனுக்கு ஒரு கொறையும் இல்ல."

பிள்ளைப் பேற்றுக்குப் புருஷன், பெண்டாட்டி இரண்டு ஜாதகத்தையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. இது எனக்குத் தெரியும். "போய் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் கெட்டிக்காரத்தனம் என்ன ஆவது?

மஞ்சள் தடவிய அவளுடைய ஜாதக நோட்டைப் பிரித்தேன். ஐந்தாம் இடம்தான் பிள்ளைகளைச் சொல்லும் இடம். அங்கே கேது உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டுக்கு அதிபதியான கிரகம் ஆறாம் இடத்தில் மறைந்திருந்தான். குருவின் பார்வையும் இல்லை. விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து, நிமிராமலே கேட்டேன்.

"மொதல்ல ஒண்ணு தவறிச்சா?"

நிமிர்ந்து பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். தேம்பல் இல்லை, விசும்பல் இல்லை. கண்ணீர் மட்டும் தாடை வரைக்கும் வந்து சொட்டியது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பாத்தியா, புட்டுப் புட்டு வெக்கிறாரு" என்றார் மாமனார் தன் மனைவியிடம், பெருமையாக. பிறகு மருமகளைப் பார்த்து, "தே, அழுவாத. அழுது இன்னா ஆவப் போவுது? ஜோசியர் பரிகாரம் சொல்லப் போறாரு, கேளு" என்று அதட்டினார்.

உண்மையில் சொல்லத்தான் போனேன். அரசமரத்தடியில் நாகர் பிரதிஷ்டை, நாற்பத்தெட்டு நாள் விளக்கு என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அப்போது விழுங்கினேனே, அது என் நல்ல மனசால் அல்ல. அந்த "அழுவாத" எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழக்கூடவா உத்தரவு வாங்க வேண்டும்? இந்த ஆளுக்கு வேண்டியதை இப்போது கொடுக்கக் கூடாது என்கிற வீம்பு. அவ்வளவுதான்.

பென்சிலைக் கீழே வைத்தேன். நோட்டை மூடவில்லை. மூடினால் பார்த்து முடிந்தது என்று அர்த்தம், எழுந்து போய்விடுவார்கள். செம்பில் இருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். குடி என்று சொல்லவில்லை. மாமியார் முந்தானையை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைத் துடைக்கப் போனார்.

"வுடுங்க" என்றேன். "அவங்க அழுவட்டும். எனக்கு அவசரம் இல்ல."

"எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரம் ஆவுதே" என்றார் மாமனார்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேசிப் பிழைக்கிறவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதைப்போலப் பேஜார் வேறு இல்லை. ரைஸ் மில் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நாலு நிமிஷம் இருக்கும். மனசுக்குள் மூன்று தடவை "காலம் எல்லாத்தையும் ஆத்தும்" என்று தொடங்கி மூன்று தடவையும் நிறுத்தினேன். அவள் அழுகை குறைந்தது, திரும்ப வந்தது, மறுபடி குறைந்தது. மாமனார் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு அவளே பேசினாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டிருக்கவில்லை.

"ஜோசியர் ஐயா, ராகு காலம் ஆஸ்பத்திரிக்கும் உண்டா?"

எனக்குப் புரியவில்லை. மாமனாரின் கை தொடையில் அப்படியே நின்றுவிட்டது.

"கொழந்தைக்கு நாலு மாசம்" என்றாள். "ஜன்னி கண்டுடுச்சி. எட்டு மணிக்கு வண்டி கட்டிக்கினு வந்து, தோ அந்தப் புளியமரத்தாண்ட நின்னோம். பத்தே முக்கா பஸ்ஸுக்கு. வெள்ளிக்கெழம. ராகு காலம் ஆரம்பிச்சிடிச்சேன்னு மாமனாரு இவரு ஒங்களாண்ட கேக்க வந்தாரு. பன்னண்டு தாண்டட்டும்னு நீங்க சொன்னீங்களாம். பஸ்ஸு வந்துச்சி. நின்னுச்சி. கண்டக்டரு ஏறும்மான்னு கூட சொன்னாரு. இவரு கைய நீட்டி மறிச்சிட்டாரு."

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு மணி பஸ்ல ஏறும்போது மூச்சி இருந்துச்சி. எறங்கும்போது இல்ல."

எனக்கு நினைவே இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. அந்த ஆள் வந்து கேட்ட முகம் நினைவில் இல்லை. பதில் சொன்னதும் நினைவில் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வாசலில் நின்று "கெளம்பலாமா ஜோசியரே" என்பார்கள். எழுதிக்கொண்டிருப்பதிலிருந்து தலையைத் தூக்காமல் நேரம் சொல்லுவேன். பெண் பார்க்கப் போகிறானா, மாடு பிடிக்கப் போகிறானா, சாகக் கிடக்கிறதைத் தூக்கிக்கொண்டு போகிறானா, கேட்டதில்லை. "எதுக்கு?" என்று ஒரு சொல். அதைக் கேட்க எனக்கு வாய் வலித்ததா?

அடுத்த நிமிஷம் வாயில் என்ன வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அவர் எதுக்குன்னு சொல்லலியேம்மா" என்பதுதான் வந்தது. மாமனாரைப் பார்த்தேன். அவர் கண்ணிலும் அதே நியாயம் நின்றது: ஜோசியர்தானே சொன்னார். ஒரு பச்சைப் பிள்ளையின் சாவை இரண்டு பேரும் பந்து மாதிரி அடுத்தவர் மேல் தட்டிவிடத் தயாராக உட்கார்ந்திருந்தோம். அந்தக் கேவலத்தைப் பார்த்துத்தான் நான் வாயை மூடினேன்.

அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் கேட்கவில்லை, பரிகாரம் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவனிடம் தொழில் பற்றி ஒரு கேள்வி. அதற்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லம்மா" என்றேன். "ஆபத்துக்குப் பாவமில்ல. ஆஸ்பத்திரிக்கு ராகு காலம் பாக்கக் கூடாது. அதோட, வூட்ட வுட்டு எறங்கற நேரம்தான் பயண நேரம். நீங்க எட்டு மணிக்கே கெளம்பிட்டீங்க. அன்னிக்கு எட்டு மணிக்கு ராகு காலம் இல்ல. பஸ் ஏறியிருக்கலாம்."

மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அழுதது அவர். அவள் அழவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டினாள், கணக்கு சரி என்பதுபோல.

"ரெண்டு வருசமா என் ஜாதகம்தான் முழுங்கிடிச்சின்னு சொல்றாங்க" என்றாள்.

நோட்டில் என் விரல் இன்னும் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் "மொதல்ல ஒண்ணு தவறிச்சா" என்று எவ்வளவு மிதப்பாகக் கேட்டேன். அவள் ஐந்தாம் இடத்தில் உட்கார்ந்திருந்தது கேது இல்லை. நான்.

"இவங்க ஜாதகம் முழுங்கல" என்று மாமனாரிடம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. "முழுங்கினது நீங்களும் நானும். வேற எடம் பாக்கறேன்னு இந்த நோட்ட இன்னொரு ஜோசியராண்ட எடுத்துக்கினு போனீங்கன்னா, உங்க ஊருக்கே வந்து, பஸ்ஸ வுட்டது யாருன்னு நானே சொல்லுவேன். என் பேரையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்த மனிதன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் பேரனைக் காப்பாற்ற நேரம் பார்த்தவர்தான் அவரும். நேரத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்னைப் போன்றவர்கள்.

மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால், "பரவால்ல ஐயா" என்று அவள் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவள் தலையில் ஏற்றுவதா?

அவள் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். மாமனார் கை நீட்டுவதற்குள் நோட்டைத் தானே மூடி எடுத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவர்கள் ஊருக்குத் திரும்புகிற பஸ் வந்துவிட்டது.

மாமனார் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம் என்பது எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். கடிகாரத்திலிருந்து என் முகத்துக்கு வந்தார். வாயைத் திறந்தார்.

அவள் அதற்குள் தெருவில் இறங்கி, புளியமரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.