காலியாக விட்ட கட்டம்

லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் ஏழாயிரம் டாலர். தான் வாடகைக்கு இருக்கும் நான்காம் மாடி வீட்டையே வாங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பணம் கட்ட ஓனர் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தார். அதுவரை பணம் சும்மா தூங்குவானேன் என்று தம்பியிடம் கொடுத்தாள். அவனைவிட நம்பகமான ஆள் அவளுக்கு யார்?

தம்பி அதைத் தன் போனிலிருந்த 'கிரிட் பாட்' என்ற, தானாகவே வாங்கி விற்கும் செயலியில் போட்டான். கிரிப்டோ நாணயம் ஒன்று எண்பது டாலருக்கும் நூறுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. டாலருக்கு ஒரு படி என்று இருபது படி வகுத்தான். விலை ஒரு படி இறங்கினால் பாட் நான்கு நாணயம் வாங்கும். அதே நான்கை ஒரு படி ஏறியதும் விற்கும். இரண்டு பக்கமும் கமிஷன் போக மூன்று டாலர் சொச்சம் மிஞ்சும்.

"விலை ஏறணும்னுகூட இல்லக்கா. ஏறி இறங்கிக்கிட்டே இருந்தா போதும். நம்ம லிஃப்ட் மாதிரிதான்."

பத்து மாதம் அப்படித்தான் ஓடியது. வந்த லாபத்தில் அக்கா வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. தினமும் காலையில் லாபக் கணக்கைப் படமெடுத்து அவளுக்கு அனுப்புவான். அவளும் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புவாள்.

அப்புறம் விலை நூறைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடியது. செயலிக்குப் பேராசை கிடையாது, ஒவ்வொரு படியிலும் விற்றுக்கொண்டே வந்து நூறில் கையைக் கழுவிவிட்டது. நூற்றிருபதுக்குப் போனபோது இவன் கையில் ஒரு நாணயமும் இல்லை. பேராசை இவனிடம் இருந்தது. வயிறெரிந்து, நூற்றுப்பத்திலிருந்து நூற்றுமுப்பது வரை புதுப் படிகள் போட்டான். மேலே ஏறினால் விற்பதற்காக முப்பது நாணயம் நூற்றிருபதுக்கே வாங்கப்பட்டது. மீதிப் பணம் கீழ்ப் படிகளுக்காகக் காத்திருந்தது.

செயலியை அமைக்கும் பக்கத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: எந்த விலைக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் விற்று நிறுத்த வேண்டும்? அதைக் காலியாக விட்டான். லேசாக இறங்கி உடனே திரும்பினால் வீணாக நட்டமாகுமே என்று நினைத்தான். வேகம் மீறினால் லிஃப்ட் கூண்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கை மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற மனுஷன் செய்த வேலை இது. கேள்விப்பட்ட எனக்கே இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு வாரம் ஆடிய விலை, பிறகு இறங்கத் தொடங்கியது. பாட் படிக்குப் படி வாங்கியது. விற்க ஒரு படிகூட மேலே ஏறவில்லை. நூற்றுப்பத்தில் காசு தீர்ந்து, அறுபது நாணயத்தைக் கட்டிக்கொண்டு வாயடைத்து நின்றது. விலையோ எண்பத்துநான்குக்குப் போனது.

திரையில் இரண்டு வரிகள். மேலே பச்சையில் 'கிரிட் லாபம் 96'. கீழே, கையில் தேங்கிய நாணயங்களின் நட்டத்தையும் சேர்த்து, சிவப்பில் 'மொத்தம் −1,899'. தம்பி மேல் வரியை மட்டும் வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தான். பொய் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

வெள்ளிக்கிழமை ஓனருக்குப் பணம் கட்ட வேண்டும். புதன்கிழமை மதியம் அவள் கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் அவன் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா லிஃப்டில் ஏறி வந்தாள்.

"நாளைக்கு எடுத்துக் கொடுத்துருவியாடா?"

அவன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு போனை நீட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் முதலில் பச்சையைப் படித்தாள், அப்புறம் சிவப்பை.

"இந்தக் கீழ் வரி எத்தன நாளா இருக்கு?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா எனக்குப் படம் வந்துச்சேடா."

"திரும்பி வரும்க்கா. நூத்திப்பத்த தாண்டுச்சுன்னா மறுபடி ஓட ஆரம்பிச்சிரும்."

"எப்ப?"

அவன் திரையைப் பார்த்தான். எண்பத்துநான்கு.

"நிறுத்து. வந்தது வரட்டும்."

அவன் நிறுத்தினான். அறுபது நாணயமும் விற்று, அந்தத் தொண்ணூற்றாறு லாபத்தோடு சேர்த்து ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம் வந்தது. வீட்டுக்கு அது காணாது என்று இருவருக்கும் தெரியும்.

"மிச்சத்த நான் எப்படியாவது..." என்று ஆரம்பித்தான்.

"பணம் போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலடா," என்றாள் அக்கா.

அவன் ஓடிப்போய் லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்தான். உள்ளே விளக்கு எரிந்தது. சுவரில் பிரேக் சோதித்த தேதியும் அவன் கையெழுத்தும் இருந்தன. அக்கா அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, முட்டிவலிக்காரி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினாள்.