ஒரு நெல் நீளம்

சவரக்கத்தி பட்டால்தான் உதிர்ந்த முடி அடர்ந்து முளைக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். டைபாய்டு காய்ச்சல் தணிந்த இரண்டு மாதத்தில் அக்காவின் கூந்தல் கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தபோது, மொட்டையடிப்பதே வழி என்றாள் ஆத்தா.

அக்கா மறுத்தாள். கீரனூரிலிருந்து பஸ்ஸில் திருச்சிக்குப் போய் ஆசிரியைப் பயிற்சி படித்துவந்தாள். ஏற்கெனவே நாட்கள் போயிருந்தன. இன்னும் வீட்டிலிருந்தால் அந்த வருடமே போய்விடும். பார்க்க அடக்கமாக இருந்தால் போகட்டும், இல்லையென்றால் முடி வளரும்வரை வீடுதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"மொட்டத் தலையோட போனா, பழனிக்குப் போயிட்டு வர்றியா, விராலிமலைக்குப் போயிட்டு வர்றியானு கண்டக்டரு கேப்பான்டி" என்றாள் அத்தை.

"மொட்டை வேணாம். மெஷினால ஒரே அளவா வெட்டிக்கிறேன்."

முடிதிருத்துபவர் கொல்லைப்புறம் வந்தார். பிடரியின் அடியில் கைமெஷினை ஒருமுறை ஒட்ட ஓட்டினார். அக்கா இரு கண்ணாடிகளை முன்னும் பின்னுமாகப் பிடித்துப் பார்த்தாள். எங்களுக்கெல்லாம் மாநிறம், வெயில் படாத அந்தத் தோல் மட்டும் கழுத்தைவிட வெளுத்துத் தெரிந்தது.

"நிறுத்துங்க. தலை பூரா இப்படின்னா ரெண்டு நெறமாத் தெரிவேன். கெணத்துல விழுந்த தழும்பும் பளிச்சுனு தெரியும்."

அந்தத் தழும்பு வலது காதுக்கு மேலே விரல் நீளத்தில், முடியில்லாத கோடாக இருந்தது.

"பின்னந்தலையும் தட்டைங்க, தாயி. ஒட்ட வெட்டுனா பலகையாட்டம் இருக்கும்" என்றார் அவர்.

"அப்ப நீளமா விடுங்க. கூட இருந்தா கொறைச்சுக்கலாம்."

அளவு வைத்துப் பார்க்கக் குதிரிலிருந்து நான் நெல் எடுத்துவந்தேன். இரண்டு நெல் நீளம் நிற்கும்படி சீப்பை உயர்த்திப் பிடித்து, அதன்மேல் மெஷினை ஓட்டினார். தழும்பு மறைந்தது. ஆனால் மெலிந்திருந்த முடி திரிதிரியாகச் சாய்ந்து, உச்சியில் தோல் இடையிடையே எட்டிப்பார்த்தது.

"கோழி ரெக்கைய நனைச்சாப்புல இருக்கு" என்றாள் அத்தை. அக்காவும் சிரித்துவிட்டாள்.

சீப்பைத் தாழ்த்தி ஒரு நெல் நீளத்துக்குக் குறைத்தார். முடி சாயாமல் நிமிர்ந்தது. எல்லா இடமும் ஒரே கருமையாயிற்று. பின்னந்தலையின் தட்டை தணிந்தது. தழும்பின் இரு கரையிலிருந்தும் முடி நெருங்கி, அதை மெல்லிய வகிடு போலாக்கியது. பிடரியில் முதலில் ஒட்ட வெட்டிய இடத்தை மேல்முடியோடு படிப்படியாகச் சேர்த்துவிட்டார்.

அப்பா வந்து நெடுநேரம் பார்த்தார். ஆத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமை பஸ்ஸுக்கு நேரத்தோட கெளம்பு" என்றார் அப்பா.

அக்கா முக்காடில்லாமல் போனாள், படித்தும் முடித்தாள். கூந்தலும் தானாகவே வளர்ந்தது, எந்தக் கத்தியும் படாமல்.

இப்போது அவளுக்கு முடி நரைத்து மெலிந்துவிட்டது. எண்ணெய் தேய்க்கும்போது அந்தத் தழும்பு என் விரலுக்கு அகப்படுகிறது. அன்று கொல்லையில் நின்றவர்களில் நாங்கள் இருவர்தான் இருக்கிறோம்.