சணலுக்குள் போன கை

தொண்ணூறுகளில் கொல்கத்தாவில், சணல் வாங்கும் அரசு அலுவலகத்தில் கணக்கு அதிகாரியாக இருந்தேன். ஒரு வருடம் விளைச்சல் அமோகம். சந்தை விலை அரசின் ஆதரவு விலைக்குக் கீழே இறங்கியதும், ஆலைகள் தேவைக்கு வாங்கியது போக மிச்சமெல்லாம், ஆதரவு விலைக்கு வாங்கியே ஆகவேண்டிய எங்களிடம் வந்தது. எங்கள் சாந்த்ராகாச்சி கிடங்கில் நடக்க இடமில்லை. வாடகை, வட்டி, நஷ்டம் எல்லாம் அரசின் தலையில்.

நகருக்கு வெளியே கொள்முதல் மையத்தில், தரம் பார்க்கும் வங்காளிப் பெரியவரிடம் தணிந்த குரலில் சொன்னேன். அங்கே 'தாதா' என்றால் அண்ணன்.

"தாதா, கொஞ்சம் கறாராப் பாருங்க. தரத்துல ஒரு படி இறக்கிப் போட்டா அரசாங்கத்துக்கு மிச்சம்தானே?"

அவர் ஒரு கட்டின் நடுவில் கையை விட்டார். ஈரம். எடை ஏற்றத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். திருப்பி அனுப்பினார். அடுத்த கட்டில் நாரை இழுத்துப் பார்த்து, ஒரு படியும் இறக்காமல், "மூணாம் தரம்" என்று விவசாயிக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு என்னிடம் வங்காள மொழியில் கேட்டார்:

"விலையைக் குறைக்கணும்னா டெல்லியில குறைக்கச் சொல்லுங்க சார். அதுக்கு என் கை எதுக்கு?"

எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறு வருடம் அந்தச் சரக்கை நஷ்டத்துக்குத்தான் விற்றோம். என் சம்பளத்தில் பிடித்த வரியும் அதில் போயிருக்கும். விவசாயிக்குச் சரியான தரத்துக்குப் போன அந்தக் காசை மட்டும் நான் திரும்பக் கேட்கமாட்டேன்.