காலை ரத்தம்

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்து லேபில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. ஊசியக்கா என்றால்தான் தெரியும். பதினாலு வருஷமாக அடுத்தவர் கையில் நரம்பு தேடுவதே அவள் பிழைப்பு. மற்றவர்கள் நாலு இடத்தில் குத்திவிட்டுக் கைவிட்ட நோயாளிகளையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். ஒரே குத்து, வேலை முடிந்தது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. கர்வம் இருந்துவிட்டுப் போகட்டும், கை பழகினவளுக்கு எல்லாம் பழகிவிட்டது என்ற நினைப்பும் கூடவே இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

அவளுக்கு எட்டு வயது இளையவள் ஒரு தங்கை. அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டதும், முதல் தடவை தூரமானபோது துணி கொடுத்ததும் அக்காதான். சின்னவள் துணி ஆலையில் தையல் வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வயதில் மோவாயில் முடி கருகருவென்று வந்துவிட்டது. முகமெல்லாம் பரு. தீட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் பெரிய விஷயம். "மாப்பிள்ளைக்கு முன்னாடி எனக்குத் தாடி வந்துடுச்சுக்கா" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு, கைப்பையில் சின்ன ரேசர் இருக்கிறதா என்று தொட்டும் பார்த்துக்கொள்வாள்.

மேல் மாடியில் இருந்த பெண் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள். சாதாரண நீர்க்கட்டிக் கோளாறு, பிசிஓஎஸ் என்று எழுதி அனுப்பியிருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த அம்மாள் விடாமல் கேட்டார். ஏழு வயதிலேயே அக்குளில் முடி வந்ததாகச் சின்னவள் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு லேசான குறை இருந்து, அது வயது வந்த பிறகு வெளியே தெரிந்தாலும், இதே தாடி, இதே பரு, இதே நீர்க்கட்டிதான் இருக்கும் என்றார். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று. பிரித்துக் காட்ட ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, பதினேழு ஓஎச்பி. சீட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்: தீட்டு வந்த மூன்றாம் நாள், காலை எட்டு மணிக்குள்.

மூன்றாம் நாள் வந்தது, சின்னவளுக்குக் காலை ஷிப்டும் கூடவே வந்தது. லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சாயங்காலம் நாலு மணிக்கு ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னொரு மாதம் காத்திருக்கலாம்தான். அந்த மாதம் தீட்டு வராமல் போனால்? ஊசியக்கா ரத்தத்தை எடுத்தாள். அந்தப் பரிசோதனை வெளியூர்ப் பெரிய லேபுக்குப் போகும், காலை நேரம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் டியூபின் மேல் 7.40 என்று எழுதினாள். ரத்தம் ரத்தம்தானே, காலையில் ஒன்று மாலையில் ஒன்றா ஓடப் போகிறது என்று நினைத்தாள். பதினாலு வருஷத்தில் அவள் எழுதிய ஒரே பொய் அது.

ரிப்போர்ட் 1.3 என்று வந்தது. டாக்டர் நேரத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். காலை ரத்தத்திலேயே இரண்டுக்குக் கீழே இருக்கிறது, அப்படியானால் சுரப்பிக் குறை இல்லை, பிசிஓஎஸ்தான் என்று மாத்திரை எழுதினார். அக்காவும் தங்கையும் நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள்.

நாலு வருஷம் போனது. கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், அதிர்ந்து பேசாதவர். சின்னவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தாம் நாளிலிருந்து பால் குடிக்கவில்லை. பிறகு வாந்தி. பச்சைக் குழந்தை கக்கத்தான் செய்யும் என்றார்கள் எல்லோரும், ஊசியக்காவும் சொன்னாள். பதினாறாம் நாள் குழந்தை துவண்டு விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உப்புச் சத்து தரைமட்டம், பொட்டாசியம் உச்சத்தில். குழந்தை டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்து மருந்தை ஏற்றுவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

ஒரு வாரம் கழித்துக் குழந்தை டாக்டர் கூப்பிட்டனுப்பினார், அக்காவும் தங்கையும் போனார்கள். அதே சுரப்பிக் குறைதான் என்றார், ஆனால் கடுமையான வகை. உடம்பால் உப்பைப் பிடித்து வைக்க முடியாது. பெண் குழந்தையாக இருந்தால் பிறந்த உடனே உறுப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்கள், ஆண் குழந்தையில் ஒன்றும் தெரியாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் வரும். அப்பாவிடம் மறைந்தே இருக்கும். அம்மாவுக்குத் தாடி, பரு எல்லாம் இருந்திருக்கிறதே, லேசான வகை அவளுக்கே இருக்கலாம், அதற்குள் கடுமையான பழுது ஒன்றும் ஒளிந்திருக்கலாம். பழைய ரிப்போர்ட்டைப் புரட்டியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"காலையில எடுத்த ரத்தம்னு போட்டிருக்கே. அப்ப இவ்வளவு கம்மியா வர வாய்ப்பு குறைவு. அந்த லேப் மெஷின்லதான் ஏதோ கோளாறு."

யாரும் ஊசியக்காவைப் பார்க்கவில்லை. மெஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஊசியக்கா அந்த ரிப்போர்ட்டின் மேல் விரலை வைத்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தது சார். மணியை நான் மாத்தி எழுதினேன்."

டாக்டர் திட்டவில்லை. காலையில் ஏறியிருக்கும் அந்தப் பொருள் பொழுது சாயச் சாய இறங்கிவிடும், அதனால்தான் நேரம் கேட்கிறோம் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே தெரிந்திருந்தால் மாப்பிள்ளையையும் பரிசோதித்திருப்பார்கள், குழந்தை பிறந்த அன்றே ரத்தம் பார்த்திருப்பார்கள், மாத்திரையும் உப்பும் கொடுத்திருப்பார்கள். இதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சின்னவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மூன்று மாதம் அவள் அக்காவோடு பேசவில்லை. ஊசியக்கா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போன நாட்கள் எத்தனையோ.

பிறகு ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு லேப் கதவைத் திறந்தால், சின்னவள் நின்றிருந்தாள். கையில் சீட்டு. மூன்றாம் நாள். வேறு ஆள் எடுக்கட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டிக் கையை நீட்டினாள். முதல் ரத்தம் எடுத்தாயிற்று. நர்ஸ் வந்து சுரப்பியை முடுக்கிவிடும் ஊசியைப் போட்டாள். இனி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து இரண்டாவது ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் ஓடியது.

பாதி நேரம் போன பிறகு சின்னவள் வாயைத் திறந்தாள்.

"எனக்காகத்தான் நீ எழுதினதுன்னு தெரியும்க்கா. அதான் தாங்கல. எதிரி செஞ்சிருந்தா திட்டித் தீர்த்திருப்பேன்."

ஊசியக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

நேரம் ஆயிற்று. அதே கை, அதே நரம்பு. அன்றைக்கு முதல் தடவையாக ஊசியக்காவுக்குக் குறி தப்பியது, இரண்டாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. லேபிள் ஒட்டிவிட்டுப் பேனாவை எடுத்தாள். சின்னவள் பஞ்சை அழுத்திக்கொண்டே மற்றக் கையால் அந்தப் பேனாவை வாங்கினாள்.

"குடு. நானே எழுதறேன்."

கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, 8.35 என்று நிறுத்தி நிறுத்தி எழுதினாள். பேனாவை மேசையில் வைத்தாள், அக்காவின் கையில் கொடுக்கவில்லை.

ரிப்போர்ட் நாலு நாளில் வந்தது. முதல் ரத்தம் 7.8, இரண்டாவது 26. இரண்டாவது பத்தைத் தாண்டினாலே போதும், அந்தச் சுரப்பிக் குறைதான், சந்தேகமே இல்லை. பதினாறு நாள் வாழ்ந்த பிள்ளைக்கு அது நாலு வருஷம் தாமதமாக வந்த பதில்.