ஐம்பத்திரண்டு நிமிடப் பட்டை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று பாபநாசத்தில் எனக்கு இரண்டு அரிசி ஆலைகள். நெல்லைக் கடித்தே ஈரப்பதம் சொல்வேன். ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி எங்கள் ஆலையில் கணினி பார்க்கும் பெண் எக்செல்லில் செய்திருந்தாள். அதையும், எண்ணுக்கேற்பக் கட்டத்துக்குள் நீலப் பட்டை நீள்வதையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். கனடாவிலிருந்து மகன் என்னோடு போனில் பேசும் நிமிடங்களை எழுதிப் பட்டை போட்டேன். ஐந்து, ஏழு, ஒன்பது. ஒன்பதுக்குக் கட்டமே நிறைந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் பெருமையாகக் காட்டினேன்.

"இருக்கிறதுல பெரிய எண்ணுக்குத்தான் முழுப் பட்டை வரும்ங்கய்யா. மத்ததெல்லாம் அதை வச்சுத்தான்."

வீட்டுக்கு வந்து மனைவியின் போனைத் திறந்தேன். மகன் அவளோடு கடைசியாகப் பேசியது ஐம்பத்திரண்டு நிமிடம். அதையும் கீழே சேர்த்தேன். என் பட்டைகள் எல்லாம் நகக்கண் அளவுக்குச் சுருங்கின. அந்த வரியை அழித்தால் பழையபடி நீளும். அழிக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்தபோது கேட்டேன். "அம்மா உன்கிட்ட அப்படி என்னதான்டா பேசுவா?"

"அம்மா ஒண்ணும் பேச மாட்டாங்கப்பா. நான் சொல்றதக் கேட்டுக்கிட்டிருப்பாங்க."

வழக்கமாக நான் பேசும் ஆலைக் கதையை எடுக்காமல் அன்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவனும் எதுவும் சொல்லவில்லை. நான்கு நிமிடம் என்று எழுதினேன்.