தோளில் கை போடும் அடி

நிர்மலாவுக்கு வாய் சும்மா இருக்காது. கள்ளக்குறிச்சி ரோட்டில் இருந்த எங்கள் நூல் மில்லில் அவள் பாட்டில் மாட்டாத ஆள் இல்லை. என் நடையைக்கூடப் பாட்டாக்கிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பக்கத்து மிஷின் ஜெயம்மாள்தான் இருவரையும் சேர்த்து வைத்தாள். ஜெயம்மாள் காலனி, நாங்கள் ஊர். ஆனாலும் அவளும் நிர்மலாவும் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

பஞ்சு கிடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் வெளியேற மணி அடித்துப் பழக்கினால் பெண்கள் நேரே செருப்பும் சோற்றுத் தூக்கும் வைத்த இடத்துக்கு ஓடி, வாசலில் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்தார்கள். சூப்பர்வைசர் ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டு நிர்மலாவிடம், "கண்டவங்களையும் பாட்டுல திட்டறியே, இதுக்கு ஒண்ணு கட்டேன்" என்றார். மறுநாளே கட்டிவிட்டாள்.

மணி அடிச்சதும் மிசின நிப்பாட்டு
மத்தவ தோளுல கைய நீ போட்டு
செருப்பத் தேடாம தூக்கையும் வுட்டு
சின்ன அடியா வாசலைத் தொட்டு
பொக மண்டினா கீழ குனிஞ்சிக்கோ
புங்கமரத்தாண்ட வந்து நின்னுக்கோ
பேரக் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு
போனது போவட்டும், திரும்பாத, நில்லு

புகையில் கண் தெரியாது, முன்னால் போகிறவளின் தோள்தான் வழி. அதனால்தான் அந்த இரண்டாவது அடி. முதலில் சிரித்துக்கொண்டே எல்லோரும் கை போட்டோம்.

அப்புறம் எங்கள் ஊர் ஆட்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். எங்கோ காலனிக் குடிசை எரிந்ததாம், யாரையோ அடித்தார்களாம் என்று தினம் ஒரு சேதி. பயந்து பயந்து வேலைக்கு வந்தோம். மில்லுக்குள்ளும் காற்று மாறியது. தண்ணீர்ப் பானை இரண்டானது. பழகும் நாளன்று எங்கள் ஊர்ச் செவ்வந்தி, முன்னால் நின்ற காலனிப் பெண்ணின் தோளைத் தொடாமல் கையை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்க வூட்டு ஆம்பளைங்க ரோட்டுல நிக்கறாங்க. நான் இங்க அவ தோள்ல கை போட்டுக்கினு போனா வூட்ல சேத்துப்பாங்களா? அந்த அடிய எடு."

ராஜாங்கம் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். நிர்மலாவின் கொழுந்தனும் மறியலில்தான் இருந்தான். அடுத்த முறை அவள், 'மத்தவ பின்னால அடிய நீ போட்டு' என்று பாடினாள். ஜெயம்மாள் மிஷினைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஊர்ப் பெண்கள் முன்னால், காலனிப் பெண்கள் பின்னால், நடுவே ஒரு வண்டி போகலாம்.

மழை தூறிய ஒரு காலையில் கழிவுப் பஞ்சு அறையில் தீப்பிடித்தது. மணி அடித்தது, கரண்டு போனது, புகை வந்தது. நிர்மலா பாட ஆரம்பித்தாள். செருப்பை யாரும் தேடவில்லை, யாரும் ஓடவில்லை. நல்லபடியாக வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் காலனிப் பெண்கள் ஒருவரும் இல்லை. விட்ட இடைவெளியில் அவர்களுக்கு எங்கள் முதுகு தெரியவில்லை. குடோன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

தீயணைப்பு வண்டி உளுந்தூர்பேட்டை ரோட்டில் வெட்டிப் போட்ட மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. ஆண்கள் மணலும் தண்ணீரும் வாரி இறைத்தார்கள். நிர்மலா புங்க மரத்தடியில் பேர் கூப்பிட்டாள். "ஜெயம்மாள்!" என்றாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். உள்ளே பாய்ந்தவளை நானும் செவ்வந்தியும் இழுத்துப் பிடித்தோம். "வுடுங்கடி, நான்தான் அவளக் கொன்னுட்டேன்" என்று என் கையைக் கடித்தாள்.

குடோனின் பின்கதவை ராஜாங்கம் வெளியிலிருந்து கடப்பாரையால் நெம்பித் திறந்தார். குனிந்தபடி வந்தார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி கை. கடைசியாக ஜெயம்மாள். முழங்கை வெந்திருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள், சாமி புண்ணியம்.

மில் மறுபடி ஓடத் தொடங்கியதும் பழகும் நாள் வந்தது. நிர்மலா யாரையும் கேட்காமல் பழைய அடியையே பாடினாள். ஊர்ப் பெண்களில் கடைசியாகப் போய் நின்று, ஜெயம்மாளுக்குத் தன் தோளைக் காட்டினாள். செவ்வந்தி முறைத்தாள். நிர்மலா கண்டுகொள்ளவில்லை.

"போடுடி" என்றாள்.

ஜெயம்மாள் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்றாள். அத்தனை வருஷம் வாடி போடி என்றவள்.

"இப்ப பொகை இல்லீங்களே. பொகை வரட்டுங்க, போடறேன்."

நிர்மலா திரும்பவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடினாள். நாங்கள் வாசலை நோக்கி நடந்தோம்.