முழங்கையால் கொடுத்த சம்மதம்

எங்கள் பேக்கரி துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கிறது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பனியோடு நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கமிஷன் நூற்றுக்கு இருபது. மூன்று மாதமாக இருபத்தைந்து வெட்டினார்கள். கூடுதலாக வெட்டியதைத் திருப்பித் தரும்படி கேட்டு, கொழும்புக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன்.

அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். "புதுக் கமிஷனுக்கு, ஓடர் பார்க்க நாங்கள் தந்த டெப்லட்டில நீங்கள்தானே சம்மதம் குடுத்திருக்கிறீங்கள்."

மனைவியிடம் கேட்டேன்.

"ஓம், ஏதோ நீளமா எழுதி வந்தது. அதை அமத்தாட்டி ஓடர் பார்க்க ஏலாது. கையெல்லாம் மா, முழங்கையால தட்டினனான்."

அவளைக் கோபிக்க முடியவில்லை. நானும் அப்படித்தான் தட்டுவேன். ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். கமிஷனை மாற்றுவதென்றால் இரு தரப்பும் எழுத்தில் கையொப்பமிட வேண்டும் என்றிருந்தது. அந்த வரியின் கீழே கோடிட்டு இரண்டாவது கடிதம் போட்டேன்.

ஒரு மாதம் இழுத்தடித்து, காசைத் திருப்பித் தந்தார்கள்.

மறுநாள் காலை திரையில் மறுபடியும் நீளமான எழுத்து, கீழே 'சம்மதம்'. ஓடர் மணி விடாமல் அடித்தது. "வாசிச்சுப்போட்டு அமத்துங்கோ," என்றாள் மனைவி. மூக்குக்கண்ணாடி எடுக்க முதலில் கை கழுவ வேண்டும்.

முழங்கையால் தட்டினேன்.